இன்ஸ்டன்ட் காபித்தூள் மூன்றாவது வாரத்தில் கட்டி தட்டிவிடுகிறது. ஈரக் கரண்டி போடுவதே இல்லை, பிறகு எப்படி?

மழைத்தூறல் (திங்கள், காலை)

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது பாட்டில். 100 கிராம் கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் திருகு மூடி. வீட்டில் காபி குடிப்பது நான் ஒருத்திதான். நாளுக்கு இரண்டு கோப்பை, கோப்பைக்குத் தராசில் வைத்து 2 கிராம். ஆக ஒரு பாட்டில் 25 நாள் வரவேண்டும்.

முதல் இரண்டு வாரம் தூள் மணல் போலப் பொலபொலவென்று இருக்கிறது. பதினாறு, பதினேழாவது நாளில் கரண்டியை விட்டால் மெத்தென்று இறங்குகிறது. அடுத்த இரண்டு நாளில் மொத்தமும் ஒரே கட்டி. இன்று காலை கத்தியால் குத்தித்தான் எடுத்தேன். உள்ளே கருப்பாக, மினுமினுப்பாக, ஆறிய வெல்லப்பாகு மாதிரி இருந்தது.

ஈரக் கரண்டி போடுவதில்லை. அதற்கென்றே தனிக் கரண்டி வைத்திருக்கிறேன். மூடியை இறுக்கமாகத் திருகுகிறேன். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் வைக்கிறேன், அங்கே சூடாக, உலர்வாக இருக்கும் என்று. எங்கே தப்பு?

அகல்யா (திங்கள், காலை)

அரிசி போட்டுப் பாருங்கள். சின்னத் துணியில் ஒரு கைப்பிடி அரிசி கட்டி பாட்டிலுக்குள் போட்டுவிடுங்கள். உப்பு டப்பாவில் நான் வருடக்கணக்காக இப்படித்தான் செய்கிறேன். எந்த மழைக்கும் உப்பு கசிந்ததில்லை. உப்பைக் காப்பாற்றும் அரிசி காபியைக் காப்பாற்றாதா?

இரவுப்பணி (திங்கள், மதியம்)

ஃபிரிட்ஜில் வையுங்கள். என் பாட்டில் ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை கூடக் கட்டியானதில்லை.

சின்னத்தம்பி (திங்கள், மதியம்)

எனக்கும் இதே தொல்லை உண்டு. ஆறிய பாலை மேலே ஊற்றினால் கோப்பையில் சின்னச் சின்ன உருண்டையாக மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. முதலில் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொண்டு, அப்புறம் மீதியை ஊற்றினால் சரியாகிவிடும்.

மழைத்தூறல் (திங்கள், மதியம்)

நன்றி சின்னத்தம்பி, ஆனால் நான் கேட்டது பாட்டிலுக்குள் கட்டுவதைப் பற்றி. கோப்பைக்கு வருவதற்கு முன்பே கல்லாகிவிடுகிறது.

பொட்டலக்காரர் (திங்கள், இரவு)

நான் பதினோரு வருடம் பானத்தூள் பொட்டலம் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவன். கட்டி எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். கொஞ்சம் சொல்லுங்கள்:

தூளுக்கு நடுவே பட்டாணி அளவு கெட்டி உருண்டைகள் தனித்தனியாகக் கிடந்து, சுற்றிலும் தூள் நன்றாக இருந்தால் அது கரண்டியிலிருந்து விழுந்த துளி. மேலே மட்டும் அடை மாதிரி ஒரு தகடு, கீழே தூள் என்றால் ஆவி. கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்திருக்கிறீர்கள். மொத்தத் தூளும் ஒரே சமயத்தில் மெத்தென்று ஆகி, பிறகு கண்ணாடிச் சுவரை விட்டு விலகி உள்ளே சுருங்கியிருந்தால், நாள் முழுவதும் மெதுவாக ஈரம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது மூடியின் வேலை.

உங்களுடையது எந்த வகை? அப்புறம், மூடியைக் கவிழ்த்து உள்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாட்டிலின் வாயில் முதலில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளை எப்படி எடுத்தீர்கள்?

மழைத்தூறல் (செவ்வாய், காலை)

மூன்றாவது வகைதான். சுவரை விட்டு ஒரு நூல் அளவு விலகியிருக்கிறது. மூடிக்கு உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பிளாஸ்டிக். தாளைக் கரண்டிக் காம்பால் குத்திக் கிழித்தேன். விளிம்பில் சுற்றிலும் கொஞ்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் காபித்தூள் பிசுக்கு கருப்பாகப் படிந்திருக்கிறது. திருகு மரையிலும் அதே பிசுக்கு.

கெட்டிலுக்குப் பக்கத்தில்தான் திறக்கிறேன், அதுவும் உண்மை.

பொட்டலக்காரர் (செவ்வாய், மாலை)

சரி, இப்போது புரிகிறது.

கடையிலிருந்து வரும்போது ஈரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்த அலுமினியத் தாள்தான். மூடி அதன் மேல் போட்ட ஒரு தொப்பி மட்டுமே. சில மூடிகளில் தாளை எடுத்த பிறகும் உள்ளே ஒரு அட்டை வட்டமோ நுரை வட்டமோ தங்கும். அது விளிம்பில் அமுங்கி ஓரளவு அடைக்கும். உங்கள் மூடியில் அதுவும் இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் கெட்டியான கண்ணாடி மேல் உட்கார்கிறது, நடுவில் கிழிந்த தாள் சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. நீங்கள் எவ்வளவு இறுக்கித் திருகினாலும் அந்தச் சுருக்கங்களுக்கு இடையே காற்று போய்வரும். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் ஒருவேளை ஒழுகாது. நீராவிக்கு அவ்வளவு வழி போதும்.

இன்னொரு விஷயம். இன்ஸ்டன்ட் காபித்தூள் உப்பு, சர்க்கரை மாதிரி படிகம் கிடையாது. காபிச் சாற்றை மிக வேகமாக உலர்த்துவதால், அது கண்ணாடி உறைவது போல உறைந்து நிற்கும் ஒரு பொருள். உலர்ந்திருக்கும் வரை கண்ணாடி மாதிரியே கடினமாக, சலசலவென்று இருக்கும். ஈரம் ஏற ஏற உள்ளுக்குள் இளகும். ஒரு கட்டத்தில் துகளின் மேற்பரப்பு ரப்பர் போலப் பிசுபிசுக்கும், தொட்ட துகளோடு ஒட்டும், ஒட்டிய இடம் உருகி ஒன்றாகும். கிளம்பும்போது அதில் ஏறத்தாழ 3 சதவீதம் ஈரம் இருக்கும். 7, 8 சதவீதத்துக்குப் போனால் கட்டி நிச்சயம். அதனால்தான் பதினைந்து நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, இரண்டே நாளில் மொத்தமும் விழுகிறது. ஈரம் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. இளகும் எல்லையை அது தாண்டிய நாளைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அகல்யா (செவ்வாய், மாலை)

நான் சொன்ன அரிசி பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

பொட்டலக்காரர் (செவ்வாய், இரவு)

சொல்கிறேன் அக்கா. உப்புக்கு உங்கள் வழி சரியானது. உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியத் தொடங்கும். டப்பாவுக்குள் ஈரப்பதத்தை அந்த 75-க்குக் கீழே வைத்தால் போதும், அரிசிக்கு அது முடியும். குலுக்கும்போது அரிசி உப்புக்கட்டியை உடைத்தும் விடும்.

காபியின் கணக்கு வேறு. நாம் சமைக்கும் சாதாரண அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரம் இருக்கிறது. காபித்தூளில் இருப்பது 3. இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்தால் ஈரம் எந்தப் பக்கம் போகும்? அரிசியிலிருந்து காபிக்குத்தான். காப்பாற்ற வைத்த பொருளே ஈரம் கொடுக்கும். கட்டி சீக்கிரம் வரும்.

அகல்யா (புதன், காலை)

நான் அரிசியை வாணலியில் நன்றாக வறுத்து, ஆறவைத்துத்தான் போடுவேன். அப்படிப் போட்ட பால்பவுடர் டப்பா ஒன்று நன்றாகவே இருக்கிறது. ஒரேயடியாகத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள் தம்பி.

பொட்டலக்காரர் (புதன், காலை)

வறுத்தது என்றால் பேச்சு வேறு. ஈரத்தை விரட்டிவிட்டதால் சில நாள் அது உறிஞ்சும். எத்தனை நாள் என்பது மூடியைப் பொறுத்தது. மூடி கசிந்தால் ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், பிறகு அதை வெளியே எடுத்தாக வேண்டும். வாராவாரம் வறுத்து மாற்றுகிறவர்களுக்குச் சரி. நாம் மறந்துவிடுவோம் என்பதுதான் என் பயம்.

கதிர் (புதன், மதியம்)

கட்டியானதை மீட்க யாராவது ஓவனில் வைக்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். நான் செய்தேன். தட்டில் உடைத்துப் பரப்பி 100 டிகிரியில் அரை மணி. ஈரம் போய்த் தூளாகும் என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் தட்டு முழுக்கத் தார் ஊற்றிய மாதிரி. ஆறிய பிறகு சுரண்ட முடியவில்லை, தட்டை வெந்நீரில் ஊறப்போட்டுத்தான் எடுத்தேன். வீடு முழுக்கக் கருகிய வாடை. அதற்கு முன் ஒருமுறை வெயிலில் காயவைத்தும் பார்த்திருக்கிறேன். வெளிக்காற்றிலேயே ஈரம் நிறைய, மெல்லிசாகப் பரப்பியதால் இன்னும் வேகமாக நமத்தது.

பொட்டலக்காரர் (புதன், மாலை)

கதிர் சொன்னது முக்கியம். இந்தத் தூளை இளக்க இரண்டு வழி உண்டு: ஈரம் ஒன்று, சூடு ஒன்று. ஏற்கெனவே ஈரம் ஏறியதைச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் வெளியேறுவதற்கு முன்பே துகள்கள் உருகி ஒன்றாகிவிடும். உலர்த்துவதென்றால் சூடில்லாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு பல நாள் வைத்துத்தான் உலர்த்த வேண்டும். அப்போது கட்டி மறுபடி கல் போல ஆகும். அது நல்லதுதான், தட்டினால் நொறுங்கும், பொடித்துக்கொள்ளலாம். கையில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

மழைத்தூறல், அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியும் இதே காரணத்தால்தான் வேண்டாம். சூடான இடம் உலர்ந்த இடம் என்று தோன்றும். சமைக்கும்போது கிளம்பும் ஆவி முழுவதும் முதலில் போய் நிற்பது அங்கேதான். அடுப்பை அணைத்ததும் அலமாரி குளிரும், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சுருங்கும், வெளியே நிற்கும் ஈரக்காற்றை அந்தக் கசியும் மூடி வழியாக உள்ளே இழுக்கும். தினமும் இரண்டு மூன்று தடவை பாட்டில் இப்படி மூச்சு வாங்கும்.

மழைத்தூறல் (புதன், இரவு)

இதை எப்படி உறுதி செய்வது? மூடிதான் காரணம், நான் திறந்து மூடுவது காரணமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? என்னிடம் 0.1 கிராம் வரை காட்டும் தராசு இருக்கிறது.

பொட்டலக்காரர் (புதன், இரவு)

தராசு இருக்கிறதா, அப்படியானால் ஊகமே வேண்டாம், நிறுத்துப் பார்த்துவிடலாம்.

காலி பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். 20 கிராம் வெள்ளை சிலிக்கா ஜெல் மணியை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, பாட்டிலில் போட்டு மூடுங்கள். வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மொத்தமாக நிறுங்கள். அதே அலமாரியில் வையுங்கள், திறக்காதீர்கள். ஆறு நாள் கழித்து மறுபடி துடைத்து நிறுங்கள். எடை கூடியிருந்தால் அந்தத் தண்ணீர் மூடி வழியாகத்தான் வந்திருக்கும்.

விளிம்பில் இருக்கும் தாளைச் சுரண்டாமல் ஒரு பாட்டில், சுரண்டித் துடைத்து ஒரு பாட்டில், ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் உள்ள ஜாடி இருந்தால் அது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நிலாமுற்றம் (வியாழன், காலை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிலிக்கா ஜெல் வாங்கும்போது நீல நிறத்தில் உள்ளதை எடுத்துவிடாதீர்கள். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, உணவுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாத நஞ்சு. ஆரஞ்சு நிறமும் சாயம் ஏற்றியதுதான். சாயமில்லாத வெள்ளை மணி, கிழியாத பொட்டலம், அதுதான் சமையலறைக்கு. ஓவனில் வைப்பதென்றால் மணியை மட்டும் வையுங்கள், சில பொட்டல உறைகள் உருகும். அலமாரிக்கு விற்கும், தண்ணீராகக் கரைந்து தேங்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களையும் உணவு ஜாடிக்குள் வைக்காதீர்கள்.

என் கேள்வி: என் பால்பவுடரும் கட்டியாகி, ஒருவித பழைய அட்டை வாடை வருகிறது. உலர்த்தினால் சரியாகுமா?

பொட்டலக்காரர் (வியாழன், காலை)

அதை எடுத்துப் போட்டுவிடுங்கள். பால்பவுடரில் ஈரம் ஏறினால் அதிலுள்ள பால் சர்க்கரை படிகமாகும், படிகமாகும்போது தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளும், அது மீதித் தூளை நனைக்கும். கொழுப்பும் கெடத் தொடங்கும், அந்த வாடை அதுதான். கட்டியான காபித்தூள் அப்படியல்ல. பூஞ்சையோ புளித்த வாடையோ இல்லை என்றால் குடிக்கலாம், சுவைதான் கொஞ்சம் மங்கும்.

இரவுப்பணி (வியாழன், மாலை)

என் ஃபிரிட்ஜ் வழியை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கதிர் (வியாழன், மாலை)

எடுத்ததும் பாட்டில் வெளியே வியர்க்குமே அண்ணா, அதே வியர்வை உள்ளே தூளின் மேலும் விழாதா?

பொட்டலக்காரர் (வியாழன், இரவு)

விழும். 30 டிகிரி சூடும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சமையலறையில், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளும் வியர்க்கும். ஃபிரிட்ஜிலிருந்து வரும் தூள் 5, 6 டிகிரியில் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் உள்ளே போகும் காற்று தன் ஈரத்தை அதன் மேல் இறக்கும்.

இரவுப்பணி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. குளிரில் தூள் இன்னும் கெட்டியாக நிற்கும், கொஞ்சம் ஈரம் ஏறினாலும் சட்டென்று ஒட்டாது. மூடி நல்ல மூடியாக இருந்து, திறந்து ஐந்து நொடியில் மூடிவிட்டால் ஆறு வருடம் ஓடியிருக்கலாம். திறக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் வெளியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்ததும் திறப்பது பாதுகாப்பு. தினமும் எடுத்து வைக்கும் பாட்டிலுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

இரவுப்பணி (வியாழன், இரவு)

நான் திறந்து, எடுத்து, மூடி உள்ளே வைக்கப் பத்து நொடி ஆகாது. என் பாட்டில் அங்கேயே இருக்கட்டும்.

மழைத்தூறல் (அடுத்த புதன், மாலை)

நிறுத்துவிட்டேன். ஆறு நாள், மூன்றும் அடுப்புக்கு மேல் அலமாரியில்.

கிழிந்த தாளும் பிசுக்கும் அப்படியே இருந்த பாட்டில்: 0.9 கிராம் கூடியிருக்கிறது. தாளை வெந்நீர்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டி, மரையைத் துடைத்த பாட்டில்: 0.5 கிராம். ரப்பர் வளைய ஜாடி: 0.1 கிராம். கடைசி எண் தராசின் தடுமாற்றமாகக் கூட இருக்கலாம்.

பொட்டலக்காரர் (அடுத்த புதன், இரவு)

மிக நல்ல வேலை. இப்போது கணக்குப் போடுவோம்.

ஆறு நாளில் 0.9 என்றால் நாளுக்கு 0.15 கிராம் தண்ணீர். சிலிக்கா ஜெல் காபியைவிடச் சற்று வேகமாக இழுக்கும், அதனால் காபி விஷயத்தில் கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் இதையே வைத்துக்கொள்வோம். பாட்டில் நிறைந்திருக்கும்போது 100 கிராம் தூளுக்கு 0.15 கிராம், பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் நாளுக்கு 4 கிராம் எடுக்கிறீர்கள். மூடி கசிவது குறையாது, தூள்தான் குறைகிறது. 50 கிராம் மிஞ்சும்போது அதே 0.15 கிராம் இரண்டு மடங்கு பாதிக்கும், 25 கிராமில் நாலு மடங்கு. நாள்வாரியாகக் கூட்டிப் பார்த்தேன்: பத்தாவது நாளில் தூளின் ஈரம் சுமார் 2 சதவீதம் ஏறியிருக்கும், பதினாறாவது நாளில் 4. முதலில் இருந்த 3-ஐச் சேர்த்தால் 7. உங்கள் தூள் மெத்தென்று ஆன நாள் அதுதான்.

இனி நீங்கள் கேட்ட திறந்து மூடும் கணக்கு. 30 டிகிரி ஈரக்காற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 25 மில்லிகிராம் தண்ணீர் இருக்கும். பாதி காலியான பாட்டிலில் 150 மில்லி காற்று, அது முழுக்க மாறினாலும் ஒரு தடவைக்கு 4 மில்லிகிராம். நாளுக்கு இரண்டு தடவை என்றால் 8. மூடி வழியாக வருவது 150. பார்த்தீர்களா, திறப்பது ஒன்றுமே இல்லை, மூடியிருக்கும் மற்ற 23 மணி நேரம்தான் பிரச்சினை.

கெட்டில் பக்கத்தில் திறந்தால் மட்டும் இது மாறும். 60 டிகிரி ஆவி நிறைந்த காற்றில் லிட்டருக்கு 130 மில்லிகிராம் இருக்கும், அதுவும் குளிர்ந்த தூளின் மேல் துளியாக இறங்கும். அது மேல்தகடு கட்டும் வகை. தூளை முதலில் கோப்பையில் போட்டு, பாட்டிலை மூடி எடுத்து வைத்துவிட்டுக் கெட்டிலைப் போடுங்கள்.

மழைத்தூறல் (வியாழன், காலை)

அப்படியானால் ஜாடிக்கு மாற்றி, சமையலறைக்கு வெளியே உள்ள அலமாரியில் வைத்தால் போதுமா? சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடலாமா?

பொட்டலக்காரர் (வியாழன், மதியம்)

புதிய பாட்டிலைத் திறந்த அன்றே மொத்தத்தையும் ரப்பர் வளைய ஜாடிக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய 28 கிராமை மட்டும் சின்ன பாட்டிலில் எடுத்துச் சமையலறையில் வையுங்கள். பெரிய ஜாடி வாரத்துக்கு ஒருமுறை மட்டும், அடுப்பு எரியாத நேரத்தில், திறக்கட்டும். சின்ன பாட்டில் கொஞ்சம் கசிந்தாலும் ஒரு வாரத்தில் காலியாகிவிடும், மறுபடி நிரப்பும்போது விளிம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையத்தில் தூள் படிந்தால் அதுவும் கசியும்.

பெரிய ஜாடியில் 5 கிராம் பொட்டலம் ஒன்று போதும். இந்த அளவு கசிவுக்கு மாதக்கணக்கில் தாங்கும். அந்த மூன்று சோதனை மணியை மறுபடி உலர்த்திப் பயன்படுத்தலாம், 120 டிகிரிக்கு மேல் அதிகம் போகாதீர்கள்.

அகல்யா (வியாழன், மாலை)

சிலிக்கா ஜெல் காபியின் மணத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்று என் தங்கை சொல்கிறாள். அவள் போட்ட பொட்டலத்தை முகர்ந்தால் காபி வாசம் அடிக்கிறது.

பொட்டலக்காரர் (வியாழன், இரவு)

பொட்டலத்தில் வாசம் ஏறுவது உண்மைதான், நானும் முகர்ந்திருக்கிறேன். அதனால் கோப்பையில் வித்தியாசம் தெரியுமா என்றால், எங்கள் கூடத்திலேயே ஆளுக்கொரு பேச்சு. எனக்குத் தெரிந்ததில்லை. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் தெரிகிறது என்று அடித்துச் சொல்வார். மூடி நன்றாக இருந்தால் பொட்டலம் இல்லாமலே பார்த்துவிடலாம்.

கதிர் (வியாழன், இரவு)

அந்தக் கட்டியான பாட்டிலை என்ன செய்தீர்கள் மழைத்தூறல்? எறிந்துவிட்டீர்களா?

மழைத்தூறல் (வெள்ளி, காலை)

இல்லை. மிஞ்சியது சரியாக 28 கிராம். கொதித்த தண்ணீரை அளவுக் குவளையில் விட்டு, கட்டியை அதில் போட்டுக் கரைத்து, மொத்தம் 140 மில்லியாக நிரப்பினேன். 10 மில்லி எடுத்தால் 2 கிராம் காபி. மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் பதினாலு கோப்பை குடித்து முடித்துவிட்டேன். கடைசி இரண்டு கோப்பை கொஞ்சம் தட்டையாக இருந்தது, மற்றபடி குறையில்லை.

கதிர் (வெள்ளி, காலை)

இது தெரிந்திருந்தால் என் தட்டு தப்பித்திருக்கும்.

மழைத்தூறல் (நான்கு வாரம் கழித்து)

என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். புதிய பாட்டிலைப் பொட்டலம் இல்லாமல்தான் ஜாடிக்கு மாற்றினேன், கூடத்து அலமாரியில் வைத்தேன். மாற்றிய அன்று ஜாடியோடு நிறுத்தேன், ஒவ்வொரு ஞாயிறும் எடுப்பதற்கு முன்பும் பின்பும் நிறுத்தேன். மூன்று ஞாயிறும் சேர்த்து 0.2 கிராம்தான் கூடியிருக்கிறது. நேற்று அடியில் இருந்த கடைசி 16 கிராமைச் சின்ன பாட்டிலுக்குச் சாய்த்தேன், மணல் மாதிரி சரசரவென்று விழுந்தது. வெளியே மூன்று நாளாக விடாத மழை.

சமையலறையில் இருக்கும் சின்ன பாட்டிலின் தோளில் மட்டும் மெல்லிசாக ஒரு கருப்பு வளையம் ஒட்டியிருக்கிறது. துடைத்தேன், இரண்டு நாளில் மறுபடி வந்துவிட்டது. இது மூடியா, கெட்டிலா?

பொட்டலக்காரர் (அன்றே, இரவு)

கரண்டியை எங்கே தட்டுகிறீர்கள்? பாட்டிலின் வாயில் தட்டினால் தூள் விளிம்பில் தங்கும், தங்கியது முதலில் நமக்கும். கோப்பைக்கு மேல் தட்டி ஒரு வாரம் பாருங்கள். அப்போதும் வளையம் வந்தால் அந்தச் சின்ன மூடியையும் 20 கிராம் மணியோடு நிறுத்துவிடலாம்.